பரீட்சை பக்கத்தில், புத்தகம் மூடியபடி: தொடங்க முடியாமல் தவிப்பவர்களின் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் வழியில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மாசி பிறந்து எஸ்.எஸ்.எல்.சி. நெருங்கும்போது கணக்கைவிட வேறொரு சந்தேகம்தான் என்னிடம் அதிகமாக வருகிறது: படிக்க உட்காரவே முடியவில்லை, என்ன செய்வது? பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றை அவர்கள் சொன்னபடியே போட்டு, என் பதிலை எழுதியிருக்கிறேன்.

டீச்சர், கணக்குப் பரீட்சைக்குப் பதினொரு நாள்தான் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது, மூடிவிடுகிறேன். நான் சோம்பேறியா?

இல்லை. சோம்பேறிக்கு வயிறு கலங்காது. புத்தகத்தை மூடிய அந்த நொடியில் உனக்கு என்ன ஆனது என்று யோசித்துப் பார். கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. மூடினால் பயம் குறைகிறது என்பதை மனம் ஒரு முறையிலேயே கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் சீக்கிரமாக மூடச் சொல்கிறது. நாளோ ஒன்று குறைந்திருக்கிறது, பயம் கூடியிருக்கிறது, ஆகவே மூடுவதால் கிடைக்கும் நிம்மதியும் பெரிதாகிறது. இப்படித்தான் இது சுழலாகிறது.

கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் திமத்தி பிச்சில், ஃபியூஷா சிரோய் என்பவருடன் சேர்ந்து 2013இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். தள்ளிப்போடுவதை நேரத்தைக் கையாளத் தெரியாத குறையாக அவர்கள் பார்க்கவில்லை. வேதனை தரும் உணர்விலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கும் வழியாகப் பார்த்தார்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வரும் எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆகையால் "இன்று முதல் ஒழுங்காகப் படிப்பேன்" என்ற சபதம் இங்கே உதவாது. பயம் கிளம்பாத அளவுக்குத் தொடக்கத்தைச் சிறிதாக்க வேண்டும்.

எவ்வளவு சிறிதாக? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையே. எல்லாப் பாடமும் மலை மாதிரி நிற்கிறது.

பாடத்திலிருந்து தொடங்காதே, கேள்வித்தாளிலிருந்து தொடங்கு. அதுவும் ஒரு கணக்கைக்கூடப் போடாமல்.

நம் கேரளப் பரீட்சையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கணக்குத் தாளுக்கு இரண்டரை மணி நேரம், எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் 15 நிமிடம் தனியாகத் தருகிறார்கள். கூல் ஆஃப் டைம் என்று நாம் சொல்வது அதைத்தான். மலையாளத் தாளில் 'சமாசுவாச சமயம்' என்று அச்சாகியிருக்கும். ஆறுதல் நேரம் என்று பொருள். அந்த நேரத்தில் விடை எழுதக் கூடாது. கேள்விகளை வாசிக்கலாம், எதை எப்படி எழுதுவதென்று திட்டமிடலாம், அவ்வளவுதான்.

பயந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. அந்தப் பதினைந்து நிமிடத்தை வீட்டுக்குக் கொண்டு வா. மாடல் பரீட்சைத் தாளையோ சென்ற வருடத் தாளையோ எடுத்துக்கொள். கடிகாரத்தில் 15 நிமிடம் வை. கையில் பென்சில் மட்டும் இருக்கட்டும், நோட்டு வேண்டாம். ஒவ்வொரு கேள்வியையும் ஒரு முறை வாசித்து ஓரத்தில் ஒரு குறி போடு. இப்போதே போட முடியும் என்றால் ஒரு டிக். ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது என்றால் ஒரு கோடு. ஒன்றும் புரியவில்லை என்றால் ஒரு பெருக்கல் குறி. நேரம் முடிந்ததும் எழுந்து போய்விடலாம். அன்றைக்கு அது மட்டும் போதும்.

இதில் நீ தோற்க வழியே இல்லை என்பதால்தான் இது வேலை செய்கிறது. பெருக்கல் குறி போட்டாலும் நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாய். அதோடு மலையாக நின்றது துண்டு துண்டாகக் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாமே தெரியாது என்று நினைத்திருந்தது, இந்த எட்டுக் கேள்விதான் தெரியாது என்று ஆகிறது.

இதைச் செய்த யாராவது உண்டா? எப்படிப் போனது என்று சொல்லுங்கள்.

சென்ற வருடம் வண்ணாமடையிலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா தென்னந்தோப்பில் வேலை செய்பவர். வீட்டில் ஒரே அறை, ஒரே மேசை. அவனுக்கும் அப்போது பதினொரு நாள்தான் இருந்தது. மாலை ஏழு மணிக்கு உட்காருவான். மேசையைத் துடைப்பான், பேனாவுக்கு மை பார்ப்பான், முதல் பாடத்தின் முதல் பக்கத்தைத் திறப்பான். ஒன்பதரைக்குப் பார்த்தால் அதே பக்கம் இருக்கும். என்னிடம் வருவதற்கு முன்பே இப்படி ஏழெட்டு நாள் போயிருந்தது.

முதல் நாள் என் முன்னாலேயே மாடல் பரீட்சைத் தாளில் குறி போடச் சொன்னேன். டிக் ஒன்பது, கோடு பதினொன்று, மற்றதெல்லாம் பெருக்கல். டிக்குகளை எண்ணியபோது அவன் திரும்பவும் எண்ணினான். ஒன்பது இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. அன்றைக்கு அதோடு வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் கோடு போட்ட கேள்விகளிலிருந்து ஒன்றை எடுத்தோம். பிள்ளைகள் பெரும்பாலும் டிக் போட்டதையே திரும்பத் திரும்பப் போடுவார்கள், அதில் பயம் இல்லை அல்லவா? இல்லையென்றால் வீராப்பாகப் பெருக்கல் குறிக்குப் போய் மாட்டிக்கொள்வார்கள். கோடு போட்ட கேள்வியில்தான் குறைந்த உழைப்புக்கு அதிகப் பலன். பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கேள்வி இதுதான்: ஒரு கூட்டுத் தொடர்வரிசையின் முதல் 9 உறுப்புகளின் கூட்டுத்தொகை 279. ஐந்தாவது உறுப்பு எது? முதல் உறுப்பு 7 என்றால் பொது வித்தியாசம் என்ன? பத்தாவது உறுப்பு எது?

அவன் கோடு போட்டிருந்ததற்குக் காரணம், 279 என்ற எண்ணைப் பார்த்ததும் நீளமான சூத்திரம் ஒன்று நினைவுக்கு வந்து பாதியில் மறந்துபோனது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஒன்பது பேர் வரிசையில் நின்றால் நடுவில் நிற்பவர் எத்தனையாவது ஆள்?" ஐந்தாவது என்றான். அந்த நடு உறுப்புதான் ஒன்பதுக்கும் சராசரி. 279ஐ 9ஆல் வகுத்தான், 31 வந்தது. முதல் உறுப்பு 7இலிருந்து ஐந்தாவது உறுப்பு 31க்குப் போக நான்கு தாவல்கள். வித்தியாசம் 24, ஒரு தாவலுக்கு 6. ஐந்திலிருந்து பத்துக்கு இன்னும் ஐந்து தாவல், 31உடன் 30 கூட்டினால் 61. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. எழுதி முடித்துவிட்டு, ஓரத்தில் இருந்த கோட்டை அவனே டிக்காக மாற்றினான். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாலைக்கு இரண்டு கோடு என்று வைத்துக்கொண்டோம். நான்கு ஐந்து நாளில் அவனே மூன்று நான்கு போட ஆரம்பித்தான். இடையில் ஒரு நாள் முழுதும் வீணானது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படைத் திருவிழா நடந்த நாள் அது, ஊரே அங்கே இருந்தது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். விட்ட நாளுக்குச் சேர்த்து இரட்டிப்பாகப் போடச் சொல்லவில்லை. இரட்டிப்பாக்கினால் வேலை மறுபடி மலையாகிவிடும்.

பரீட்சைக்குப் போகும்போது கோடுகள் எல்லாம் தீர்ந்திருந்தன. பெருக்கல் குறிகளில் மூன்றோ நான்கோ டிக்காகியிருந்தன, மீதி அப்படியே இருந்தன. அவற்றை விட்டுவிட்டுப் போகச் சொன்னதும் நான்தான். பதினொரு நாளில் எல்லாம் முடியும் என்று சொல்லியிருந்தால் அது பொய். அந்தப் பொய்தான் பிள்ளைகளை முதல் பக்கத்திலேயே நிறுத்திவைக்கிறது.

நான் குறி போட்டுப் பார்த்தேன். எல்லாமே பெருக்கல்தான் வந்தது.

அப்படியும் வரும். இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கேள்வியை முழுதாக வாசிக்காமல், படத்தையோ பெரிய எண்ணையோ பார்த்தவுடன் பெருக்கல் போட்டிருப்பாய். இதைக் கண்டுபிடிப்பது எளிது: பதினைந்து நிமிடம் வேண்டிய வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பாய். அப்படியானால் ஒரே ஒரு கேள்வியைச் சத்தமாக வாசி. என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல். பல பெருக்கல்கள் கோடாக மாறும்.

உண்மையிலேயே தெரியவில்லை என்றால், தாளில் மிகக் குறைந்த மதிப்பெண்ணுள்ள கேள்வியை எடு. புத்தகத்தில் அந்த ஒரு கேள்விக்கு வேண்டிய பகுதியை மட்டும் பார். பாடத்தின் தலைப்பிலிருந்து வாசிக்காதே. அந்தப் பகுதியே புரியவில்லை என்றால் ஓட்டை ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. சமன்பாட்டில் ஓர் எண்ணை மறுபக்கம் கொண்டு போகும்போது தடுமாறுகிறாயா என்று பார். பெரும்பாலும் அதுதான். அதை யாரிடமாவது உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வது, தனியாக ஒரு வாரம் மருகுவதைவிட நல்லது.

டைம்டேபிள் போட்டேன். மூன்று முறை. மூன்றும் முதல் நாளே உடைந்துவிட்டது.

நான்காவது வேண்டாம். வண்ணப் பேனாவால் கட்டம் போடும் இரண்டு மணி நேரமும் படிப்பது போலவே இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு கணக்கையும் நீ தொட்டிருக்க மாட்டாய்.

கால அட்டவணைக்குப் பதிலாக ஒரே ஒரு வாக்கியம் எழுது. "இது நடந்ததும், இதைச் செய்வேன்" என்ற வடிவில் எழுது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இப்படிப்பட்ட தீர்மானங்களைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தார். 1999இல் அவர் எழுதிய கட்டுரை பெயர் பெற்றது. எந்த நேரம், எந்த இடம், என்ன செயல் என்று முன்கூட்டியே கட்டிவைத்தால், அந்த நேரம் வரும்போது யோசிக்க வேண்டிய வேலை குறைகிறது. நமக்குச் சறுக்குவது அந்த யோசனையில்தானே.

வாக்கியம் இப்படி இருக்கலாம்: "அம்மா சாயங்காலக் காப்பித் தம்ளரைக் கீழே வைத்ததும், திண்ணையில் உட்கார்ந்து தாளை விரித்துப் பதினான்காவது கேள்வியை வாசிப்பேன்." இதில் 'படிப்பேன்' என்ற சொல் இல்லை என்பதைக் கவனி. வாசிப்பது மட்டும்தான் வாக்கு. ஆறு மணிக்கு என்று எழுதினால் 6.05 ஆனதும் "சரி, ஏழு மணிக்கு" என்று மனம் நழுவும். தம்ளர் வைக்கும் சத்தத்திடம் அப்படி நழுவ முடியாது. தாளை முந்தின இரவே, அந்தக் கேள்வி மேலே தெரியும்படி மடித்து, உட்காரும் இடத்தில் வைத்துவிடு.

நல்ல கைடு ஒன்று கிடைத்தால் தொடங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குப் போய் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

போகாதே. பொள்ளாச்சிக் கடையில் கிடைப்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கான கைடு. பாட வரிசையும் வேறு, கேள்வி கேட்கும் விதமும் வேறு. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்ப் பாதி நாளைச் செலவழித்து, நமக்குப் பொருந்தாத புத்தகத்தோடு திரும்பி வந்த பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது.

உன் ஏக்கத்தின் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வீடியோ வகுப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கின்றன. அங்கே 'சமாந்தர சிரேணி' என்கிறார்கள், உன் புத்தகத்தில் தமிழ்ச் சொல் இருக்கிறது. பக்கத்து ஊர் உறவுக்காரப் பிள்ளை மூன்றாவதாக ஒரு சொல் சொல்கிறது. இந்தக் குழப்பத்தில் உனக்குத் தெரிந்த கணக்கே தெரியாதது போல் தோன்றும். இதற்கு மருந்து ஒரே ஒரு தாள். உன் பாடப்புத்தகச் சொல் இடப்பக்கம், மலையாளச் சொல் வலப்பக்கம். ஒரு சொல் வழிமறிக்கும்போது மட்டும் எழுது. முன்கூட்டியே உட்கார்ந்து முழுப் பட்டியல் தயாரித்தால் அதுவும் டைம்டேபிள் கதைதான்.

தொடங்கிவிடுகிறேன், ஆனால் பத்து நிமிடத்தில் எழுந்து போனால் திரும்பி வருவதில்லை.

எழுந்து போவதில் தவறில்லை, எங்கே நிறுத்திவிட்டு எழுந்தாய் என்பதுதான் முக்கியம். ஒரு கணக்கை முழுதாக முடித்துவிட்டு எழுந்தால், திரும்பி வரும்போது அடுத்த கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயம் மறுபடி வாசலில் நிற்கும். அதனால் கணக்கின் நடுவில் எழுந்திரு. அடுத்த வரி என்னவென்று தெரியும்போதே நிறுத்து. அதை ஓரத்தில் சிறு எழுத்தில் குறித்துவை: "இப்போது 24ஐ 4ஆல் வகுக்க வேண்டும்." திரும்பி வந்தால் செய்ய வேண்டியது அந்த ஒரு வகுத்தல்தான்.

கைப்பேசியை வேறு அறையில் வை. ஒரே அறை வீடென்றால் அம்மாவிடம் கொடு. கவிழ்த்து வைப்பதால் பயனில்லை.

நான் தினமும் மூன்று மணி நேரம் படிக்கிறேன். ஆனாலும் தொடங்கவே இல்லை என்று தோன்றுகிறது.

தோன்றுவது சரியாக இருக்கலாம். விடை எழுதிய நோட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறாயா? அது பயமில்லாத வேலை, ஏனென்றால் தவறு செய்ய இடமே இல்லை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வாசிக்கும்போது வரும் 'தெரிந்தது' என்ற உணர்வு நம்மை அப்படி ஏமாற்றுகிறது.

நீயே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. எழுந்திருக்கும்போது, எதையும் பார்க்காமல் நீயாக எழுதிய ஒரு வரியாவது தாளில் இருக்கிறதா? இருந்தால் தொடங்கிவிட்டாய். தவறான வரியாக இருந்தாலும் சரி.

டிசம்பரிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அதை நினைத்தாலே என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. அந்த வெறுப்பில் இன்றும் போய்விட்டது.

கண்ணே, அந்த வெறுப்புதான் இப்போது உன் படிப்பைத் தின்கிறது. 2010இல் கார்ல்டனில் மைக்கேல் வோல், பிச்சில் முதலியோர் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு விஷயத்தைப் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், இரண்டாவது தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வு வந்தால், புத்தகத்தையே பார்க்காமல் இருக்கத் தோன்றும்.

மன்னிப்பது என்றால் நடக்காதது போல் இருப்பது இல்லை. "டிசம்பரும் ஜனவரியும் போய்விட்டன, நான்தான் விட்டேன்" என்று ஒரு தாளில் எழுது. அதன் கீழே இன்றைய கேள்வி எண்ணை எழுது. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

டீச்சர், என் மகள் புத்தகத்தைத் தொடுவதில்லை. சொன்னால் அழுகிறாள், விட்டால் தூங்குகிறாள். நான் என்ன செய்யட்டும்?

அம்மா, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் "படித்தாயா?" என்ற கேள்வியைப் பரீட்சை முடியும்வரை கேட்காதீர்கள். அதற்கு அவளிடம் இருக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் புத்தகத்தோடு அவமானமும் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஏ பிளஸ்ஸையும் பேசாதீர்கள்.

அதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "இந்தக் கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். அவள் வாசிக்கட்டும். பதினைந்து நிமிடம் ஆனதும் நீங்களே "போதும், எழுந்திரு" என்று சொல்லுங்கள். நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் உட்கார அவளுக்குப் பயம் குறையும்.

அழுகையும் தூக்கமும் வேறு விதமாகப் போகிறதா என்றும் கவனியுங்கள். பல நாளாகச் சாப்பிடாமல், தோழிகளிடமும் பேசாமல், இருந்தென்ன பயன் என்பது போலப் பேசினால் அது தள்ளிப்போடும் பழக்கம் இல்லை. அன்றே பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். கேரள அரசின் திசா உதவி எண் 1056, நாடு முழுவதற்குமான டெலி மனஸ் எண் 14416. பரீட்சையை ஒரு மாதம் கழித்து யோசித்துக்கொள்ளலாம்.

பகலில் வெயில் தாங்கவில்லை. இரவெல்லாம் விழித்துப் படிக்கலாமா?

பாலக்காட்டு மார்ச் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு யாராலும் கணக்குப் போட முடியாது. அந்த நேரத்தை விட்டுவிடு. அதற்காக இரவைப் பலி கொடுக்காதே, படித்தது மனதில் தங்குவதற்குத் தூக்கம் வேண்டும். விடியலில் ஒரு மணி நேரம், காப்பிக்குப் பிறகு ஒரு மணி நேரம் போதும்.

நாளைக்குப் பரீட்சை. இதையெல்லாம் இப்போதுதான் வாசிக்கிறேன்.

சரி, இன்றைக்குப் புதிதாக எதையும் திறக்காதே. ஒரு பழைய தாளில் பதினைந்து நிமிடம் குறி போடு. கோடுகளில் இரண்டை மட்டும் முடி. ஹால் டிக்கெட்டையும் ஜாமெட்ரி பெட்டியையும் பையில் வைத்துவிட்டுப் பத்து மணிக்குப் படு.

நாளை மணி அடித்துத் தாள் கைக்கு வந்ததும் அதே பதினைந்து நிமிடம் உனக்குக் கிடைக்கும். பேனாவைத் தொடாமல், கண்ணாலேயே ஒவ்வொரு கேள்விக்கும் குறி போட்டுக்கொண்டு போ. எழுதச் சொல்லும் மணி அடித்ததும் முதல் டிக்கை எழுது, அது எத்தனையாவது கேள்வியாக இருந்தாலும்.